யாரிடம் முதலில் சொல்வது? வழக்கறிஞர் காதும் மற்றவர் காதும்

சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞரிடம் இருபத்தாறு ஆண்டுகள் கிராணியாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் நண்பர்கள் விடுவதில்லை. "அந்தத் தோட்டத்து வழக்கில் உள்ளுக்குள் என்னதான் நடந்தது? இப்போதாவது சொல்லேன்" என்பார்கள். நான் சொல்வதில்லை. இதில் என் பெருந்தன்மை எதுவும் இல்லை. வழக்கறிஞரின் வாயைக் கட்டும் சட்டம் அவருடைய கிராணியின் வாயையும் மொழிபெயர்ப்பவரின் வாயையும் சேர்த்தே கட்டியிருக்கிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவு வழக்கறிஞருக்கு, 127ஆம் பிரிவு எங்களுக்கு. வேலையை விட்ட பிறகும் இந்தக் கட்டு அவிழாது.

ஆகவே கீழே வரும் ஸ்டோர் கிராணி நானே உண்டாக்கிய ஆள். ஆனால் அவர் மாட்டிக்கொண்ட இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

செம்பனைத் தோட்டம் ஒன்று. உர லாரி மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் ரசீதில் அறுபது மூட்டை, இறங்கியது நாற்பத்தெட்டு. ஸ்டோர் கிராணி அறுபது வந்ததாகக் கையெழுத்துப் போட்டார். லாரிக்காரர் ஒவ்வொரு தடவையும் முந்நூறு வெள்ளியை உறையில் போட்டுக் கொடுத்தார். ஆக, மூட்டை முப்பத்தாறு, பணம் தொள்ளாயிரம். கணக்குத் தணிக்கையில் விஷயம் வெளிவந்து, தோட்ட நிர்வாகி வெள்ளிக்கிழமை மாலை போலீசில் புகார் கொடுத்துவிட்டார். ஸ்டோர் கிராணியை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு நெஞ்சு அடைக்கிறது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மனைவி இருக்கிறார். தொழிற்சங்கக் கிளைத் தலைவர் இருக்கிறார். சிறுவயதிலிருந்து தெரிந்த டிரசர், மாரியம்மன் கோயில் பூசாரி, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துத் தம்பி, நீதிமன்றத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதித் தரும் பெரியவர் என்று ஊரில் காதுக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமை திறக்கும் வழக்கறிஞர் அலுவலகமும் இருக்கிறது.

இவர்கள் எல்லாரும் "என் உயிர் போனாலும் வெளியே விடமாட்டேன்" என்று சொல்லக்கூடியவர்கள்தான். அந்த வாக்கை நிறைவேற்ற அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இங்கேதான். ஒருவர் உங்களிடம் ரகசியமாகச் சொன்னார் என்பது மட்டும் நீதிமன்றத்தில் பதில் சொல்லாமல் இருக்கக் காரணமாகாது. சப்பீனா வந்தால் போக வேண்டும். கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்த பிறகு, "அவர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று அரசுத் தரப்பு கேட்டால் சொல்ல வேண்டும். வாய் திறக்க மறுத்தால் நீதிமன்ற அவமதிப்பு. பொய் சொன்னால் குற்றவியல் சட்டத்தின் 193ஆம் பிரிவு. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சிக்கு ஏழாண்டு வரை சிறை. பதில் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் என்று சாட்சி பயந்தாலும் சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு அவரை விடுவதில்லை. பதில் சொல்லியே ஆக வேண்டும். கட்டாயத்தின் பேரில் சொன்ன அந்தப் பதிலை வைத்து அவர்மேல் வழக்குப் போடக் கூடாது என்ற அளவில்தான் சலுகை.

குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிராகத் தானே ஒருவரிடம் சொன்னதை, கேட்டவர் வந்து சாட்சியமாகச் சொல்லலாம். "கேள்விப்பட்டது சாட்சியம் ஆகாது" என்ற விதி இங்கே காப்பாற்றாது. இன்னொரு விநோதமும் உண்டு. விசாரணையின்போது போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் பொதுவாக அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113ஆம் பிரிவு தடுக்கிறது. சில சிறப்புச் சட்டங்களிலும், அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டாலும் நிலைமை வேறு. மற்றபடி, லாக்கப்பில் போலீஸ்காரரிடம் உளறியதைவிட மருந்து வாங்கப் போன இடத்தில் டிரசரிடம் உளறியது ஆபத்து. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

டிரசரை முதலில் பார்ப்போம், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் நம்புவது அவரைத்தான். மருத்துவருக்கு நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் தொழில் ஒழுக்கம் உண்டு. கோப்பிக்கடையில் பேசினால் அவர்மேல் புகார் செய்யலாம். ஆனால் அந்த ஒழுக்கம் நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது. இது நேற்று வந்த சட்டமில்லை. 1776இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் சீமாட்டிமேல் இரட்டைத் திருமண வழக்கு நடந்தபோது, சீசர் ஹாக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், தொழில்முறையில் நம்பிச் சொல்லப்பட்டதைத் தான் வெளியிட வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றார் மான்ஸ்பீல்டு பிரபு. தானாக வெளியிட்டால் அது நம்பிக்கைத் துரோகம், நீதிமன்றம் கேட்டுச் சொன்னால் அல்ல என்பது அவர் விளக்கம். நம் சாட்சியச் சட்டத்திலும் மருத்துவருக்கென்று தனிப் பிரிவு இல்லை. பூசாரிக்கும் இல்லை. பாவ அறிக்கையைக் கேட்கும் பாதிரியாருக்குச் சில நாடுகளில் சட்டமே பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது; இங்கே தேவாலயமானாலும் கோயிலானாலும் நிலைமை ஒன்றுதான்.

சங்கத் தலைவரைப் பற்றிச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரும். வேலை நீக்க விவகாரம் என்றால் அவரைப் போல் உதவக்கூடியவர் வேறு யாருமில்லை. நிர்வாகத்தின் விசாரணைக்கு உங்களோடு வருவார், கடிதம் எழுதுவார். ஆனால் ஸ்டோர் கிராணி அவரிடம் "ஆமாம் தலைவரே, வாங்கினேன்" என்று சொன்னால், நாளை ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவரைக் கூப்பிட்டு அதே வார்த்தைகளைச் சொல்ல வைக்கலாம். அதற்கு முன்பே போலீஸ் அவரிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்கீழ் வாக்குமூலம் எடுக்கலாம். தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்வியைத் தவிர மற்றவற்றுக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சங்கத்தின்மேல் உள்ள விசுவாசம் இதில் எதையும் மாற்றாது. சேவை மையத்துத் தம்பிக்கும் மனு எழுதும் பெரியவருக்கும் இதேதான். மனு எழுதுபவர் சட்டத் தமிழும் சட்ட மலாயும் சரளமாகப் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டால் வழக்கறிஞர் போலவே இருக்கும். சட்டத்துக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மனைவி விஷயம் இவர்கள் மாதிரி இல்லை.

சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, மணவாழ்க்கையின்போது கணவன் மனைவியிடமோ மனைவி கணவனிடமோ சொன்னதைக் காக்கிறது. கேட்டவரைச் சொல்லும்படி வற்புறுத்தவும் முடியாது. அவரே விரும்பினாலும், சொன்னவரின் சம்மதம் இல்லாமல் சொல்ல அனுமதியும் இல்லை. பின்னால் மணமுறிவு ஆனாலும் மணவாழ்க்கையில் பேசியது பேசியதுதான். இருவருக்கும் இடையிலான வழக்கிலும், ஒருவர் மற்றவருக்குச் செய்த குற்றத்துக்கான வழக்கிலும் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அடி வாங்கிய மனைவியின் வாயை இந்தப் பிரிவு அடைக்கக் கூடாது என்பதால் அது நியாயமே.

அப்படியானால் ஸ்டோர் கிராணி வீட்டில் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா? பாதுகாக்கப்படுவது பேச்சு மட்டும்தான். கண்ணால் கண்டது இல்லை. நம் சட்டத்துக்குத் தாய், 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டம். அதன் அதே பிரிவை 1954இல் இந்திய உச்ச நீதிமன்றம் ராம் பரோஸே வழக்கில் பிரித்துக் காட்டியது. கொலை வழக்கு. விடியற்காலையில் கணவன் கூரையிலிருந்து இறங்கி வந்ததையும், வைக்கோல் அறைக்குள் போய்த் திரும்பி வந்து குளித்து மறுபடி வேட்டி கட்டியதையும் மனைவி பார்த்திருந்தாள். அதைச் சொல்லலாம் என்றது நீதிமன்றம். நகை எடுக்க நடு வீட்டுக்குப் போனேன் என்று அவன் அவளிடம் சொன்னதை ஏற்க முடியாது என்றது. நம் ஆளின் வீட்டுக்கு வருவோம். "லாரிக்காரன் முந்நூறு கொடுத்தான்" என்று அவர் மனைவியிடம் சொன்னது பூட்டுக்குள் இருக்கிறது. மூன்று சனிக்கிழமைகளிலும் அவர் ஒரு வெள்ளை உறையை அரிசிப் பானைக்குள் செருகியதை மனைவி பார்த்தது பூட்டுக்குள் இல்லை.

லயத்து வீடு இன்னொரு பிரச்சினை. பலகைச் சுவர். இந்தப் பிரிவு கட்டுவது கணவன் மனைவி இருவரின் வாயைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்து கேட்டவர் சாட்சி சொல்ல வரலாம். மூன்றாவதாக, திருமணம் திருமணம்தானா என்ற கேள்வி. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, விருந்து போட்டு, பதிவை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்கள் தோட்டங்களில் நிறைய. அப்படிப்பட்டவருக்கு 122ஆம் பிரிவு கிடைக்குமா என்று எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பினால் பதில் சுலபமாக இருக்காது.

திங்கட்கிழமை காலை வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன வேறுபாடு?

126ஆம் பிரிவின் சொற்களைப் பாருங்கள். வழக்கறிஞரை "வற்புறுத்தக் கூடாது" என்று அது சொல்லவில்லை. கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவர் சொல்வதற்கு "அனுமதி இல்லை" என்கிறது. சொல்ல ஆசைப்பட்டாலும் முடியாது, நீதிபதி கேட்டாலும் முடியாது. சம்மதம் கட்சிக்காரருடையது, வழக்கறிஞர் தானாக விட்டுக்கொடுக்க அதில் அவருக்குப் பங்கில்லை. கட்சிக்காரர் சொன்னது, வழக்கறிஞர் கொடுத்த ஆலோசனை, வேலையின் நிமித்தம் அவர் படித்த காகிதங்களில் இருந்தவை எல்லாம் இதில் அடங்கும். அந்தோணி சீ வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பை முழுமையானது என்றே பார்த்தது. கட்சிக்காரரின் பக்கத்திலிருந்து 129ஆம் பிரிவு: சட்ட ஆலோசகரோடு பேசியதைச் சொல்லும்படி அவரையும் வற்புறுத்த முடியாது.

சட்டமே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு, நம்மூர்க்காரர்களை வாய் பிளக்க வைக்கும். "நான் கள்ளக் கையெழுத்துப் போட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அது பாதுகாக்கப்படுகிறது. "கள்ளப் பத்திரத்தை வைத்து ஒரு சொத்தைப் பிடிக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்" என்றால் பாதுகாப்பு இல்லை. செய்து முடித்த குற்றத்தைச் சொல்லலாம். செய்யப்போகும் குற்றத்துக்கு வழி கேட்டால் அவர் உங்கள் வழக்கறிஞராகப் பேசவில்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டுதான் நம் ஸ்டோர் கிராணிக்கு வேண்டியது. அவரிடம் ஒரு 555 நோட்டு இருக்கிறது; கடன் கணக்கு எழுத நாம் எல்லாரும் சட்டைப்பையில் வைத்திருந்தோமே, அதே நோட்டு. அதில் மூன்று தேதிகளுக்கு நேரே "300" என்று எழுதியிருக்கிறார். அதை மேசைமேல் வைத்து "இதை என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியும் அதற்கு வரும் பதிலும் பாதுகாப்பானவை. நோட்டு அப்படி அல்ல. வழக்குக்கு முன்பே இருந்த ஒரு தாள் வழக்கறிஞரின் அலமாரிக்குள் போனதால் புனிதமாகிவிடாது. ஸ்டோர் கிராணியின் கையில் இருந்தால் போலீஸ் எடுக்கக்கூடியது, வழக்கறிஞரின் அலமாரியில் ஒளிந்துகொள்ள முடியாது. "எரித்துவிடவா?" என்று அவர் தொடர்ந்தால் பேச்சே எல்லை தாண்டுகிறது, சாட்சியம் ஆகக்கூடிய ஆவணத்தை அழிப்பது குற்றவியல் சட்டத்தின் 204ஆம் பிரிவில் தனிக் குற்றம். பத்து நாள் கழித்து அதே நோட்டைத் திரும்பக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு 300க்கும் பக்கத்தில் புது நீல மையில் "மச்சானிடம் கைமாற்று" என்று இருக்கிறது. முதல் நாள் அது இல்லை. வழக்கறிஞர் கண்ணால் கண்ட இந்த மாற்றம், அவர் வேலையை ஏற்ற பிறகு நடந்த மோசடியைக் காட்டுகிறது. அதற்கு 126 பாதுகாப்புக் கொடுக்காது. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் எனக்கும் அதே கதிதான்.

ஆனால் வழக்கறிஞர் கேட்டுக்கொண்டபடி, "லாரி எப்போது வந்தது, யார் இருந்தார்கள்" என்று அவர் ஒரு வெள்ளைத்தாளில் புதிதாக எழுதிக் கொடுத்தால், அது வழக்கறிஞருக்காகவே பிறந்த காகிதம், பாதுகாக்கப்படும். அதன் படத்தைத் தன் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடாத வரைக்கும்.

இந்தப் பூட்டிலும் ஓட்டைகள் உண்டு. வழக்கறிஞரைக் கோயில் திருவிழாவில் பார்த்து, "அண்ணே, ஒரு விஷயம்" என்று நண்பராகச் சொன்னது சேராது. சட்ட உதவி கேட்கும் பேச்சாக இருக்க வேண்டும். பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், பறிமுதலுக்குரிய சொத்துப் பரிவர்த்தனை பற்றி வழக்கறிஞரிடம் தகவல் கேட்க உயர்நீதிமன்ற நீதிபதி உத்தரவிடலாம். நடந்துகொண்டிருக்கும் வழக்குக்காக அவர் அறிந்த சிறப்புரிமைத் தகவல் அதில் வராது. ஸ்டோர் கிராணியின் தொள்ளாயிரம் வெள்ளிக்கு அந்த அளவுக்கு யாரும் போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவருக்கு நிஜமான ஆபத்து 129இன் பின்பாதியில் இருக்கிறது. தானே சாட்சிக் கூண்டில் ஏறினால், அவர் கொடுத்த சாட்சியத்தை விளக்கத் தேவை என்று நீதிமன்றம் கருதும் அளவுக்கு, வழக்கறிஞரோடு பேசியதைச் சொல்ல வைக்கலாம். "என் வழக்கறிஞர் சொன்னதால்தான் அப்படிச் செய்தேன்" என்று கூண்டில் நின்று பழியைத் தள்ளினால், கதவை அவரே திறந்துவிடுகிறார்.

ஆகவே என் கணக்கில் வரிசை இப்படி. முதலில் வழக்கறிஞர். போலீஸ் அதற்குள் கைது செய்துவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளக் கேட்கலாம். கையில் காசு இல்லாதவர்களுக்குக் கைதான நேரத்திலிருந்தே உதவ தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. மனைவியிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றால் தாழ்ந்த குரலில் சொல்லட்டும், ஆனால் உறையை அவர் கண்முன் எடுத்துக் காட்ட வேண்டாம். சங்கத் தலைவரிடம் வேலை நீக்கக் கடிதத்தைக் கொண்டு போகலாம். என்ன சொல்லலாம் என்று வழக்கறிஞர் சொன்ன பிறகு. டிரசரிடம் தூக்கமில்லை என்று சொன்னால் போதும், ஏன் என்பதற்கு அவசியமில்லை. பூசாரியிடம் அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்தால் அவர் காரணம் கேட்கமாட்டார்.

அலுவலகத்துக்கு வரும்போது தனியாக வருவதில்லை நம் ஆட்கள். மைத்துனரோ பெரியப்பாவோ கூட வருவார். மலாய், ஆங்கிலம் தெரிந்தவர் என்று பெயர். எங்கள் வழக்கறிஞர் அவரை உள்ளே உட்கார வைக்கமாட்டார். மொழி வேண்டுமானால் நான் இருக்கிறேன், நான் 127க்குள் வருகிறேன். மைத்துனர் மொழிபெயர்க்கத்தான் வந்தார் என்று பின்னால் வாதாடலாம்தான், ஆனால் அவர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த சாதாரண ஆள் என்று எதிர்த்தரப்பும் வாதாடும். அந்தத் தகராறை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்? "கீழே போய் ஒரு கோப்பி குடியுங்கள்" என்று அனுப்பிவிடுவோம். முகம் சிறுத்துத்தான் இறங்குவார்.

அரைமணி நேரம் கழித்து ஸ்டோர் கிராணி படி இறங்கி வரும்போது மைத்துனர் கோப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "என்ன சொன்னார்? நீ என்ன சொன்னாய்?" என்று கேட்பார். அதற்கும் ஒரு பதிலை மேலேயே சொல்லிக் கொடுத்து அனுப்புவோம்: "அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்ப வரச் சொன்னார். வாங்க, வீட்டுக்குப் போகலாம்."